பூபாலியைக் காலையில் கேட்டால் என்ன கெட்டுப்போகும்?

மெட்டுக்காரன் | 2 ஜூலை 2024, காலை 8.10

இந்துஸ்தானியில் ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு ஜாமம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பூபாலி என்றால் இரவின் முதல் ஜாமம், ஏறக்குறைய 6 முதல் 9 வரை. நம் மோகனமும் அதே ஐந்து ஸ்வரம்தான். அதைக் காலை, மதியம், நள்ளிரவு என்று எப்போது பாடினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? ராஜசபைக் காலத்துப் பழக்கம் ஒலிநாடா வந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே என் கட்சி. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள். "மரபு" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்க வேண்டாம்.

பாட்டுப்பைத்தியம் | 2 ஜூலை, காலை 9.02

பூபாளம் விடியற்காலை ராகம்தானே? கோயிலில் திருப்பள்ளியெழுச்சிக்கு நாதஸ்வரத்தில் வாசிப்பார்களே. இரவு 9 மணி என்று யார் சொன்னது?

மெட்டுக்காரன் | 2 ஜூலை, காலை 9.05

அது பூபாளம். இது பூபாலி. பூபாளத்தில் ரி, க, த மூன்றும் கோமளம். பூபாலியில் ஒன்றுகூட இல்லை. கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள்.

விளம்பித் | 2 ஜூலை, இரவு 10.40

பாட்டுப்பைத்தியத்தை விரட்ட வேண்டாம். மராட்டியத்தில் சாமியை எழுப்பும் விடியல் பாடல்களுக்கே பூபாலி என்றுதான் பெயர். குழப்பம் அவருடையது மட்டுமல்ல.

இப்போது விஷயத்துக்கு. மோகனத்தை ஒப்பிட்டதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கர்நாடகத்தில் ச ரி க ப த என்ற ஐந்து ஸ்வரத்தை ஏறவும் இறங்கவும் அப்படியே வைத்துக்கொள்ளும் பெரிய ராகம் மோகனம் ஒன்றுதான். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. இந்துஸ்தானியில் அதே ஐந்தை வைத்துக்கொண்டு பூபாலியும் தேஷ்காரும் இருக்கின்றன. பூபாலி அந்தி சாய்ந்த பிறகு, தேஷ்கார் காலையில்.

பூபாலியில் எல்லாம் காந்தாரத்தைச் சுற்றும். ச ரி க என்று ஏறி அங்கே நிற்பார்கள். ப க, த ப க என்று இறங்கும்போதும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். கீழ் ஸ்தாயி தைவதத்துக்குப் போய் மெதுவாக ச ரி க என்று திரும்புவது பூபாலியின் அடையாளம். ரிஷபத்துக்கு நல்ல மரியாதை உண்டு.

தேஷ்காரில் தைவதம்தான் தலைவர். பாட்டு பெரும்பாலும் பஞ்சமத்துக்கு மேலேயே நடக்கும். க ப த என்று தாவித் தைவதத்தில் நிற்கும், மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி மறுபடி த, பிறகு ப. ஏறும்போது ரிஷபத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். காந்தாரம் வழியில் வரும், ஆனால் அங்கே கால் நீட்டி உட்காரக் கூடாது. கீழ் ஸ்தாயியில் வேலை மிகக் குறைவு.

நீங்களே சோதிக்கலாம். ஆலாபின் முதல் ஐந்து நிமிடத்தில் பாடகர் எந்த ஸ்வரத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள். காந்தாரம் என்றால் பூபாலி, தைவதம் என்றால் தேஷ்கார். 'தான்' என்கிற வேகமான ஸ்வர ஓட்டம் வரும்போது இந்தச் சோதனை பலிக்காது. மேலும் கீழும் ஓடும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த ஓட்டம் எங்கே போய் இறங்குகிறது என்பதில்தான் அப்போது வித்தியாசம் தெரியும்.

மெட்டுக்காரன் | 3 ஜூலை, காலை 7.30

நிற்கும் இடம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். அதனால் ராகம் வேறு என்பது சரி. கடிகாரம் எங்கே வந்தது?

விளம்பித் | 3 ஜூலை, இரவு 11.15

பாத்கண்டே போட்ட கணக்கு அது. (1860 முதல் 1936 வரை வாழ்ந்தவர். இன்று கல்லூரிகளில் சொல்லித்தரும் நேர விதி பெரும்பாலும் அவர் ஒழுங்குபடுத்தியது.) ஸ்தாயியை இரண்டாக வெட்டினார். ஒரு ராகத்தின் பலம் கீழ்ப் பாதியில், அதாவது ச முதல் ப வரையிலான பகுதியில் இருந்தால், அதற்கு நண்பகல் முதல் நள்ளிரவு வரை. பலம் மேல் பாதியில், ம முதல் மேல் ச வரை இருந்தால், நள்ளிரவு முதல் நண்பகல் வரை. பூபாலிக்குக் காந்தாரம், ஆகவே மாலைப் பக்கம். தேஷ்காருக்குத் தைவதம், ஆகவே காலைப் பக்கம்.

இதில் பயன் என்ன என்று கேட்டால், குழப்பம் வராமல் காக்கிறது. மாலை 7 மணிக்கு ஒருவர் தேஷ்கார் எடுக்கிறார் என்று வையுங்கள். கேட்பவர் காதும் பாடுபவர் தொண்டையும் அந்த நேரத்தில் பூபாலிக்குப் பழகியவை. கொஞ்சம் அசந்தால் காந்தாரத்தில் நின்றுவிடுவார். இரண்டு தடவை நின்றால் தேஷ்கார் போய்விட்டது. அவையில் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நேரம் என்பது இங்கே ஒரு வேலி.

அலைவரிசை | 4 ஜூலை, மதியம் 1.20

இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை. இதற்குப் பின்னால் உடல் அறிவியல் இருக்கிறது. தூங்கி எழுந்ததும் குரல் தடித்திருக்கும், சுருதி கீழே இருக்கும். நாள் ஏற ஏறக் குரல் திறக்கும். மூளையும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. முன்னோர்கள் அதைக் கவனித்துத்தான் ராகங்களைப் பிரித்தார்கள். தவறான நேரத்தில் கேட்டால் மனம் அலைபாய்வது அதனால்தான்.

விளம்பித் | 4 ஜூலை, இரவு 10.05

பாதி சரி. காலையில் குரல் கனத்துக் கீழே இருப்பது உண்மை. விடியற்காலையில் மந்தர ஸ்தாயி சாதகம் செய்வதும் அதையொட்டித்தான். ஆனால் அதே காரணம் ராக நேரத்தைத் தீர்மானித்திருந்தால் காலை ராகங்கள் எல்லாம் கீழேயே அல்லவா உலவ வேண்டும்? விதி நேர்மாறாக இருக்கிறது. காலை ராகத்தின் பலம் மேல் பாதியில். குரல் திறக்காத நேரத்தில் தேஷ்காரின் மேல் தைவதத்தைப் பிடிக்கச் சொல்கிறார்கள்! உங்கள் கோட்பாடு இங்கேயே உடைகிறது.

மனம் அலைபாயும் என்பதற்குப் பழக்கமே போதுமான காரணம். ஐம்பது வருடம் பைரவைக் காலை வானொலியில் மட்டும் கேட்டவருக்கு அது இரவு 8 மணிக்கு வந்தால் உறுத்தும். பழகாதவருக்கு உறுத்தாது.

அலைவரிசை | 4 ஜூலை, இரவு 10.31

குரல் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். மனம் பற்றியதில் இல்லை. ஐம்பது வருடப் பழக்கம் என்று நீங்கள் சொல்வதும் மனதுக்குள் நடப்பதுதானே.

மெட்டுக்காரன் | 5 ஜூலை, காலை 6.55

பாத்கண்டே கணக்கு எல்லா ராகத்துக்கும் பொருந்துகிறதா? பொருந்தாத உதாரணம் இருந்தால் மறைக்காமல் போடுங்கள்.

விளம்பித் | 6 ஜூலை, இரவு 9.50

மறைக்க என்ன இருக்கிறது. முதலில் பொருந்தும் இடம். காலை 4 முதல் 7, மாலை 4 முதல் 7 இரண்டும் சந்திப்பொழுது. இரண்டிலும் கோமள ரிஷபமும் கோமளம் இல்லாத காந்தாரமும் வரும் ராகங்கள். விடியலா அந்தியா என்று காட்டிக்கொடுப்பது மத்யமம். நம் கணக்கில் சொன்னால், மாயாமாளவகௌளை ஸ்வரங்கள் பைரவாக விடியலில் வரும். சுத்த மத்யமத்தை எடுத்துவிட்டுப் பிரதி மத்யமம் போட்டால் பந்துவராளி ஸ்வரங்கள், அவை பூரியா தனாஸ்ரீயாக அந்தியில் வரும். ஒரே ஒரு ஸ்வரம் மாறிப் பொழுது புரண்டுவிடுகிறது. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவதால்தான் மாணவர்கள் அதை நம்புகிறார்கள்.

பொருந்தாத இடம் தோடி. இந்துஸ்தானித் தோடி நம் தோடி இல்லை, சுபபந்துவராளியின் ஸ்வரங்கள். அந்திக்குரிய பிரதி மத்யமம் தெளிவாக நிற்கிறது, ஆனால் பாடுவது முற்பகலில். அதே ஸ்வரங்களில் முல்தானி பிற்பகலில். முல்தானிக்கு ஒரு சமாதானம் உண்டு: கோமள காந்தாரம் பகல் ராகங்களின் மிச்சம், கோமள ரிஷபமும் பிரதி மத்யமமும் வரப்போகும் அந்திக்கு முன்னோட்டம், ஆகவே அது இரண்டுக்கும் நடுவே பாலம். தோடிக்கு அப்படி எதுவும் ஒட்டவில்லை. தோடி காலையில் பாடப்படுகிறது, அவ்வளவுதான். விதி பிறகு வந்தது, வழக்கம் முன்பே இருந்தது.

தோல்வாத்தியம் | 7 ஜூலை, காலை 11.00

பைரவியை விட்டுவிட்டீர்கள். காலை ராகம் என்கிறார்கள், ஆனால் எந்த நேரத்துக் கச்சேரியானாலும் கடைசியில் பைரவி. இரவு 9.45-க்குக்கூட.

விளம்பித் | 7 ஜூலை, இரவு 10.20

அதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம், அந்தக் காலக் கச்சேரி விடிய விடிய நடந்து காலையில் பைரவியோடு முடியும் என்பது. இரவு போய்விட்டது, முடிவு மட்டும் நிற்கிறது. தும்ரி, தாத்ரா பாடும் கமாஜ், பிலு, காஃபி போன்றவற்றிலும் நேரக் கட்டு தளர்வுதான்.

ஈலிங்வாசி | 9 ஜூலை, மாலை 4.15

லண்டனிலிருந்து. எங்கள் சிக்கல் வேறு மாதிரி. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு 9.20 ஆகும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். கச்சேரி எப்போதும் 7.30-க்குத்தான். கோடையில் அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வெயில் அடிக்கும். குளிர்காலத்தில் இருட்டி மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டுக்கும் ஒரே ராகப் பட்டியல் போடுகிறார்கள். அந்தி ராகமான மார்வாவை நான் எப்போது கேட்பது?

மெட்டுக்காரன் | 9 ஜூலை, மாலை 6.40

பாருங்கள், விதி டெல்லி தாண்டினால் செல்லாது.

விளம்பித் | 9 ஜூலை, இரவு 11.30

டெல்லிக்குள்ளேயே சிக்கல் உண்டு. ஜூனில் அங்கே சூரியன் மறைவது 7.20 சுமாருக்கு, டிசம்பரில் 5.25 சுமாருக்கு. ஒரே டிசம்பர் மாலையில் குவாஹாத்தியில் 4.30-க்கே அந்தி, துவாரகையில் 6 மணி தாண்டி. கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றே. ஆகவே "4 முதல் 7" என்பது புத்தகத்துக்காகச் சொன்ன சராசரி. மார்வாவுக்குச் சூரியன்தான் அளவு. லண்டனில் கோடையில் கச்சேரியின் இரண்டாம் பாதியில் பாடச் சொல்லலாம். குளிர்காலத்தில் 7.30-க்கு மார்வா தாமதம், கொஞ்சம் பிந்திய பூரியா பொருத்தம்.

அலைவரிசை | 10 ஜூலை, காலை 10.10

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உடல் கடிகாரப்படி வேலை முடித்து வந்து உட்காருகிறவனுக்கு 7.30 என்றால் 7.30தான். ஜன்னல் வெயிலைப் பார்த்து ராகம் மாற்றினால், அரங்கத்தில் ஜன்னலே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஈலிங்வாசி | 10 ஜூலை, மாலை 5.00

எங்கள் அரங்கத்தில் ஜன்னல் இல்லை என்பது உண்மை. விளக்கு மட்டும்.

தோல்வாத்தியம் | 15 ஜூலை, மாலை 3.25

மழை தொடங்கிவிட்டது, பருவத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மல்ஹார் வகைகளை மழைக்காலத்தில் எந்த நேரத்திலும் பாடலாம், பசந்த், பஹார் இரண்டையும் வசந்தத்தில் எந்த நேரத்திலும் பாடலாம் என்பது விதி. அதாவது பருவம் வந்தால் ஜாமம் வழிவிடும்.

வாசிப்பவன் பக்கத்து உண்மை ஒன்று: மழைக்காலத்தில் தபலா, பாயா தோல் ஈரம் உறிஞ்சித் தளர்ந்துவிடும், சுருதி இறங்கும். வாரைச் சுத்தியால் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் மறுபடி இறங்கும். குளிரூட்டிய அரங்கத்துக்குள் வந்தால் ஈரம் காய்ந்து எதிர்ப்பக்கம் ஏறும். மழைக்கு முன்பே அரங்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவதுதான் ஒரே வழி. மல்ஹார் மழையைக் கொண்டுவருகிறதோ இல்லையோ, மழை எங்கள் சுருதியைக் கொண்டுபோகிறது.

மெட்டுக்காரன் | 15 ஜூலை, மாலை 4.00

மல்ஹார் கேட்டால் மழை மாதிரி இருக்கிறது என்பதும் பழக்கத்தால் வருவதுதானே? மழைப் பாட்டுக்கு அதைப் போட்டதால் மழை தெரிகிறது.

விளம்பித் | 16 ஜூலை, இரவு 10.45

பெரும்பகுதி அப்படித்தான் இருக்கலாம். பாட்டின் சாகித்யமும் மேகம், மயில், தனிமை என்றே இருக்கும். ஆனால் மியான் கி மல்ஹாரையும் பஹாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூபாலி, தேஷ்கார் கதை மறுபடி வரும். இரண்டிலும் கோமள காந்தாரம், இரண்டு நிஷாதம். இரண்டிலும் கோமள நிஷாதத்திலிருந்து தைவதம், பிறகு சுத்த நிஷாதம், மேல் ஷட்ஜம் என்ற அதே ஏற்றம். ஒன்று மழை, ஒன்று வசந்தம்.

வித்தியாசம் நடையில். மல்ஹாரில் காந்தாரம் கனமாக, மெதுவாக அசைந்து ம ரி ச என்று கீழே இறங்கும். ரிஷபத்திலிருந்து பஞ்சமத்துக்கு நீண்ட இழுப்பு ஒன்று உண்டு. நிஷாதத்திலும் அந்த அசைவு, பெரும்பாலும் மந்தர ஸ்தாயியில். பஹாரில் எதுவும் அப்படித் தேங்காது. மத்யமத்துக்குத் தாவி, ம ப க ம என்று சுழற்றிவிட்டு மேல் ஸ்தாயிக்கு ஓடிவிடும். பஹாரைப் பாதி வேகத்தில் பாடிக் காந்தாரத்தை அசைத்தால் மல்ஹார் வாடை அடிக்கும். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பருவம் தெரிந்திருந்தால் எந்த நடை வேண்டும் என்று நினைவிருக்கும்.

பாட்டுப்பைத்தியம் | 17 ஜூலை, காலை 9.40

தேவாரப் பண்களிலும் பகல் பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரிவு இருக்கிறதே. மெட்டுக்காரன் நமக்கு நேரக் கட்டே இல்லை என்றாரே?

மெட்டுக்காரன் | 17 ஜூலை, காலை 10.05

இந்த முறை கேள்வியைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். கச்சேரி மேடையில் இல்லை என்று திருத்திக்கொள்கிறேன். ஓதுவார்களிடம் உண்டு.

விளம்பித் | 17 ஜூலை, இரவு 11.00

இன்னொரு திசையும் பாருங்கள். நம்மிடமிருந்து அங்கே போன ஹம்ஸத்வனி, கீரவாணி, சாருகேசி. ஹம்ஸத்வனியை மாலை, இரவு என்று வைத்துக்கொண்டார்கள். கீரவாணி, சாருகேசிக்கு இறுக்கமான நேரம் ஒட்டவே இல்லை. நெருங்கிய பங்காளி இல்லாத ராகத்துக்கு வேலி தேவைப்படவில்லை என்பது என் ஊகம். நிரூபணம் இல்லை.

மெட்டுக்காரன் | 20 ஜூலை, காலை 7.15

சரி, பாடுபவருக்கு நேரம் ஒரு கைப்பிடி என்று ஏற்கிறேன். கேட்பவருக்கு? ஒலிப்பதிவில் பாடகர் ஏற்கெனவே சரியாகப் பாடி முடித்துவிட்டார். நான் இரவில் தேஷ்கார் போட்டுக் கேட்டால் அவர் வந்து காந்தாரத்தில் நிற்கப்போவதில்லை.

விளம்பித் | 20 ஜூலை, இரவு 10.30

உங்கள் கட்சி இங்கே ஜெயிக்கிறது. ஒலிப்பதிவுக்கு நேரம் தேவையில்லை. 1902 நவம்பரில் கொல்கத்தா ஓட்டல் அறையில் பாடகி கௌஹர் ஜான் மூன்று நிமிட இசைத்தட்டுக்குப் பாடியபோதே ஜாமக் கணக்கு கைவிட்டுப் போய்விட்டது. விதியே தனக்கு விலக்கும் வைத்திருந்தது. அரங்கத்திலும் அரசன் ஆணையிட்டாலும் காலக் குற்றம் இல்லை என்று ஒரு பழைய சமஸ்கிருத சுலோகம் சொல்கிறது. இரவு பத்து நாழிகைக்குப் பிறகு எதையும் பாடலாம் என்பதும் அதே சுலோகத்தில்தான்.

ஆனால் தனியாக ஒருவர் கேட்பதால் எதுவும் கெடாது என்பது வேறு, கச்சேரி நேரம் மாறுவதால் எதுவும் கெடாது என்பது வேறு. இரண்டாவதில் நிஜமான இழப்பு இருக்கிறது. புனேயில் சவாய் கந்தர்வ விழாவை 1953-ல் பீம்சேன் ஜோஷி தொடங்கினார். விடிய விடிய நடந்த விழா அது. ஒலி மாசு விதி (2000) வந்த பிறகு திறந்தவெளி ஒலிபெருக்கி இரவு 10-க்கு நிற்க வேண்டும். வருடத்தில் சில நாள் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு அனுமதிக்கலாம். விழா மாலைப் பொழுதுக்குச் சுருங்கியது. நள்ளிரவுக்குப் பிறகான ராகங்களுக்கு அங்கே இடம் போயிற்று. லலித், சோஹினி, பராஜ் எல்லாம் அந்தப் பக்கத்தவை. கொல்கத்தாவின் டோவர் லேன் மாநாடு இன்னும் ஜனவரியில் முழு இரவும் நடக்கிறது. அதனால் அங்கே அவை மேடையேறுகின்றன.

மாலை 6 முதல் 10 வரை மட்டுமே மேடை என்றால் யமன், பூபாலி, பூரியா, பாகேஸ்ரீ என்று ஒரு பத்துப் பன்னிரண்டு ராகம் சுற்றிச் சுற்றி வரும். மேடை கிடைக்காத ராகத்தை இளம் பாடகர் ஏன் சாதகம் செய்வார்? என்னைக் கேட்டால், விதியை மீறி இரவில் தேஷ்கார் பாடுவதைவிட, விதியைக் காப்பாற்றித் தேஷ்காரையே பாடாமல் விடுவது பெரிய தவறு.

தோல்வாத்தியம் | 21 ஜூலை, காலை 8.20

அதற்காக மாலையில் தேஷ்கார் பாட வேண்டாம். ஞாயிறு காலை 7 மணிக்கு மூடிய அரங்கில் வைத்தால் எந்த ஒலி விதியும் தடுக்காது. காலைக் கச்சேரி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 10.30-க்கு ஆரம்பித்தால் பைரவுக்குப் பொழுது போய்விடும், தோடிக்குத்தான் இடம். 10.30-க்கு வைத்துவிட்டுப் பைரவ் கேட்பது நியாயமில்லை.

அலைவரிசை | 21 ஜூலை, காலை 9.00

7 மணிக்கு யார் வருவார்கள்?

தோல்வாத்தியம் | 21 ஜூலை, காலை 9.04

தபலா வருவதற்கு 5.30-க்கே எழுந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை.

ஈலிங்வாசி | 22 ஜூலை, இரவு 8.50

இந்த இழையை எங்கள் சபாக்காரருக்கு அனுப்பினேன். டிசம்பர் கச்சேரியை ஞாயிறு மதியம் 2.30-க்கு மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். அந்தி சுமார் 3.50. முல்தானியில் ஆரம்பித்தால் மார்வாவுக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். பஞ்சமம் இல்லாத மார்வாவுக்குத் தம்புராவை நிஷாதத்துக்கு மாற்ற இடைவேளை போதுமா என்று பாடகர் கேட்கிறார்.

விளம்பித் | 22 ஜூலை, இரவு 11.10

போதும். இரண்டாவது தம்புராவை முன்கூட்டியே நிஷாதத்தில் வைத்து ஓரமாக மூடி வைக்கச் சொல்லுங்கள். மேடை விளக்கின் சூடு பட்டால் சுருதி கலைந்துவிடும். 3.40-க்குள் மார்வா தொடங்கினால் நல்லது.

மெட்டுக்காரன் | 23 ஜூலை, காலை 7.05

ஜன்னல் இல்லாத அரங்கம் என்று சொன்னீர்களே?

ஈலிங்வாசி | 23 ஜூலை, மதியம் 1.30

வேறு அரங்கம் தேடுகிறார்கள். மேற்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் வாடகை கூட.